ஸ்லைடா, முகமா: பாட வீடியோவில் எதை வைத்துக்கொள்வது?

சென்ற பருவத்தில் பதிவு செய்த பாட வீடியோக்களை அடுத்த பருவத்துக்குத் திருத்த உட்காரும் ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்வி, "நான் பேசுவது தெரியும் இடங்களை வெட்டிவிடலாமா?" என்பதுதான். திரையைப் பதிவு செய்து குரலைச் சேர்த்த ஸ்லைடுப் பகுதியில் பாடம் இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆசிரியர் கேமராவைப் பார்த்துப் பேசும் முகப் பகுதியில் என்ன இருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. முகம் இருந்தால்தான் வகுப்பறை போல இருக்கும் என்பார் ஒருவர். அது நேர விரயம், பையன்கள் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது பெரும்பாலும் தங்கள் விருப்பத்தையே. வீடியோ எங்கே பார்க்கப்பட்டது, எங்கே விடப்பட்டது, எங்கே திரும்பப் பார்க்கப்பட்டது என்ற பதிவு கையில் இருக்கும்போது விருப்பத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிவைத் தவறாக வாசிப்பது மிக எளிது என்பதால், வாசிக்கும் முறையைத்தான் இந்தக் கட்டுரை முதன்மையாகப் பேசுகிறது.

இதுவரை நடந்த ஆய்வுகளில் இந்தக் கேள்விக்கு நெருக்கமானது 2014இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் வெளியிட்டது. எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில், 862 வீடியோக்களை மாணவர்கள் பார்த்த சுமார் 69 லட்சம் அமர்வுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஸ்லைடு மட்டுமே ஓடும் வீடியோக்களைக் காட்டிலும், இடையிடையே ஆசிரியர் முகம் வரும் வீடியோக்களை மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. முகத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் முடிவு இது. ஆயினும் எந்த வீடியோ எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை; ஒவ்வொரு பாடமும் தனக்குரிய ஆசிரியருடனும் வடிவத்துடனும் ஏற்கெனவே இருந்தது. முகம் காட்டும் ஆசிரியர் நல்ல பேச்சாளராகவும் இருந்திருக்கலாம். மேலும் அந்த முடிவு வீடியோவை முழுதாக எடுத்துக்கொண்டு சொல்லப்பட்டது. ஒரே வீடியோவுக்குள் இந்த ஒன்றரை நிமிடம் இருக்கட்டுமா, போகட்டுமா என்று கேட்பவருக்கு அது நேரடியாக விடை தராது.

அந்த விடைக்கு வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொறியியல் முதலாண்டு அல்லது இரண்டாம் ஆண்டில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் பீம், இடது முனையிலிருந்து 2 மீட்டர் தள்ளி 30 கிலோநியூட்டன் பாரம், அதற்குப் பெண்டிங் மொமென்ட் வரைபடம் வரைய வேண்டும். வீடியோ 16 நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் முகம்: வணக்கம், சென்ற வகுப்பின் நினைவூட்டல். அடுத்து 5:30 வரை ஸ்லைடு: தாங்கிகளின் எதிர்விசை இடப்பக்கம் 20, வலப்பக்கம் 10 கிலோநியூட்டன் என்று கணக்கிடுதல். பிறகு 7:00 வரை முகம்: எந்த வளைவுக்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்று வாயால் சொல்லும் விளக்கம். அதன்பின் 12:30 வரை ஸ்லைடு: ஷியர் ஃபோர்ஸ் வரைபடமும் மொமென்ட் வரைபடமும். 13:30 வரை மீண்டும் முகம்; ஆனால் இம்முறை ஆசிரியர் கையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கிறது, அதை இரு கைகளாலும் வளைத்து, கீழ்ப்புறம் இழுபடுவதையும் மேற்புறம் அழுந்துவதையும் காட்டுகிறார். 15:00 வரை ஸ்லைடு: பாரம் நிற்கும் இடத்தில் உச்ச மொமென்ட் 40 கிலோநியூட்டன் மீட்டர் என்று முடித்தல். கடைசி ஒரு நிமிடம் முகம்: அடுத்த வகுப்பில் என்ன, விடைபெறுதல்.

நூறு பேர் பார்க்கத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நானே இட்டவை. 1:30இல் 70 பேர் மிஞ்சுகிறார்கள், 5:30இல் 62, 7:00இல் 57, 12:30இல் 46, 13:30இல் 45, 15:00இல் 42, கடைசி நொடியில் 20. பலரும் முதலில் செய்யும் கணக்கு, முகப் பகுதிகளில் சராசரியாக எத்தனை பேர் இருந்தார்கள், ஸ்லைடுப் பகுதிகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒப்பிடுவது. நிமிடக் கணக்கில் எடையிட்டுப் பார்த்தால் முகத்துக்கு ஏறத்தாழ 59 பேர், ஸ்லைடுக்கு 56 பேர். முகமே மேல் என்று முடிவு வந்துவிடும். ஆனால் இது முகத்தின் சிறப்பால் வந்த எண் அன்று. முதல் ஒன்றரை நிமிடம் முகம் இருந்தது, அப்போது எல்லோரும் வீடியோவில் இருந்தார்கள், அவ்வளவுதான். எந்த வீடியோவிலும் கூட்டம் போகப் போகக் குறையும். ஆகவே முன்னால் வைக்கப்பட்ட எதுவும் சராசரியில் உயர்ந்து தெரியும்.

சரியான கணக்கு, ஒரு துண்டுக்குள் நுழைந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் துண்டுக்குள்ளேயே வெளியேறினார்கள் என்று பார்த்து, அதைத் துண்டின் நீளத்தால் வகுப்பது. முதல் முகப் பகுதியில் நிமிடத்துக்கு நூற்றுக்கு 20 பேர் போகிறார்கள். அடுத்த ஸ்லைடில் 3க்குச் சற்றுக் குறைவு. குறிகளைப் பற்றிய முகப் பகுதியில் 5.4. வரைபட ஸ்லைடில் 3.5. அளவுகோல் பகுதியில் 2.2. உச்ச மொமென்ட் ஸ்லைடில் 4.4. விடைபெறும் பகுதியில் 52. இப்போது படம் தலைகீழாகிறது. முகம்தான் ஆட்களை விரட்டுகிறது என்று சொல்லத் தோன்றும். அதுவும் அவசர முடிவே. முதல் துண்டில் போனவர்களில் பெரும்பகுதியினர் முகத்தைக் கண்டு போனவர்கள் அல்லர். மேற்சொன்ன அதே 862 வீடியோக்களை வைத்து ஜூஹோ கிம்மும் அவருடன் உழைத்தவர்களும் செய்த இன்னோர் ஆய்வில், பார்த்த அமர்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வீடியோ நீளத்தின் முதல் 3 விழுக்காட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. தவறி அழுத்தியவர், வேறொரு பாடத்தைத் தேடியவர், இது எந்த வீடியோ என்று பார்க்க மட்டும் திறந்தவர் என எல்லோரும் அதில் அடக்கம். அங்கே ஸ்லைடை வைத்திருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள். அதுபோலவே கடைசி நிமிடத்தில் போனவர்கள் பாடம் முடிந்ததால் போனவர்கள்; அதை இழப்பாக எண்ணக் கூடாது.

எனவே முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கி, நடுவில் உள்ளவற்றை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே நியாயம். அப்போது எஞ்சுவது சுவையானது: இரண்டு முகப் பகுதிகளில் ஒன்று எல்லா ஸ்லைடுகளையும் விட அதிகமாகவும், மற்றொன்று எல்லா ஸ்லைடுகளையும் விடக் குறைவாகவும் ஆட்களை இழக்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே கேமரா, ஒரே சட்டை. வேறுபாடு, முதலாவதில் அவர் சொல்வதைப் பார்க்க ஒன்றும் இல்லை, இரண்டாவதில் பார்க்க அளவுகோல் இருக்கிறது என்பதே. "முகப் பகுதி" என்ற ஒரே பெயரின் கீழ் இவ்விரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்தச் செய்தி கரைந்துபோகும். அதனால் துண்டுகளைக் குறிக்கும்போதே முகம், ஸ்லைடு என்று மட்டும் எழுதாமல், முகம் என்ன செய்கிறது என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது: வாழ்த்து, வெறும் பேச்சு, கையால் செய்து காட்டல், கேள்வி கேட்டு நிறுத்தல் என நான்கு வகை போதும்.

ஒரு வீடியோவின் எண்ணை வைத்துக் கத்தரியை எடுத்துவிடவும் கூடாது. 62 பேரில் 5 பேர் போனதால் 5.4 வந்தது, அவர்களில் இருவர் அந்தத் துண்டு முடியும் வரை இருந்திருந்தால் அது 3.2 ஆகி, வரைபட ஸ்லைடின் எண்ணுக்கும் கீழே இறங்கியிருக்கும். 60 மாணவர் வகுப்பில் இந்த அளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வரும். ஒரே பாடத்தின் பத்துப் பன்னிரண்டு வீடியோக்களில் உள்ள "வெறும் பேச்சு" துண்டுகளை எல்லாம் சேர்த்து, நுழைந்தவர் மொத்தம், போனவர் மொத்தம், நிமிட மொத்தம் என்று கூட்டிப் பார்த்த பிறகும் வேறுபாடு நிலைத்தால் மட்டுமே அதை நம்பலாம்.

வெளியேறியவர்களைப் பற்றி இவ்வளவு. திரும்பி வந்து பார்த்தவர்களைப் பற்றிய பதிவுதான், என் கருத்தில், இந்த முடிவுக்கு அதிகம் உதவுவது. அதிகம் தவறாக வாசிக்கப்படுவதும் அதுவே. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தங்குவதைக் காட்டும் வளைகோட்டில் சில இடங்களில் மேடுகள் தெரியும். நம் பீம் வீடியோவில் 5:15 முதல் 5:40 வரை ஒரு மேடு இருப்பதாகக் கொள்வோம். மேட்டின் பாதிக்குச் சற்றுக் குறைவு முகப் பகுதியின் மேல் கிடக்கிறது. குறிகளைப் பற்றிய விளக்கத்தை மாணவர்கள் விரும்பி மறுபடி கேட்கிறார்கள் என்று ஆசிரியர் மகிழ்வார். உண்மை பெரும்பாலும் வேறு. கிம் குழுவினர் 80 வீடியோக்களின் மேடுகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியபோது, அவற்றில் 61 விழுக்காடு காட்சி மாறும் இடத்தை ஒட்டியே இருந்தன. அவர்கள் பிரித்த வகைகளில் ஒன்று இதே நிலைமைதான்: ஸ்லைடு சட்டென்று மறைந்து ஆசிரியர் முகம் வருகிறது, இன்னும் படித்து முடிக்காத மாணவர் பின்னால் இழுத்து ஸ்லைடைத் தேடுகிறார். நம் வீடியோவில் 5:30இல் மறைந்த ஸ்லைடில்தான் 20, 10 என்ற எதிர்விசைகள் இருந்தன. அவற்றை நோட்டில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த கணக்கைத் தொடர முடியாது. மாணவர் திரும்பிப் போனது அவற்றுக்காக. பின்னால் இழுக்கும்போது விரல் எங்கே நிற்கும் என்பது துல்லியமில்லாததால், மேடு இருபுறமும் வழிந்து முகத்தின் மேலும் விழுகிறது.

இரண்டில் எது என்று கண்டுகொள்ள வழி உண்டு. எடெக்ஸ் போன்ற தளங்களின் நிகழ்வுப் பதிவு கிடைக்குமானால், அதில் `seek_video` என்ற வரியில் எங்கிருந்து, எங்கே என்று `old_time`, `new_time` ஆகிய இரண்டும் இருக்கும். 5:35 அல்லது 5:50இலிருந்து கிளம்பி 5:10, 5:20 என்று ஸ்லைடுக்குள் போய் இறங்கினால், தேடியது ஸ்லைடை. அதோடு அங்கே `pause_video` வரிகளும் குவிந்திருந்தால் நோட்டில் எழுதுகிறார்கள் என்று பொருள். மாறாக 6:40இலிருந்து கிளம்பி 5:45இல் இறங்கினால், பேச்சு புரியாமல் மறுபடி கேட்கிறார்கள். யூடியூபில் இந்தப் பிரிவு கிடைக்காது. அங்குள்ள வளைகோடு, ஒவ்வொரு நொடியும் எத்தனை முறை ஓடியது என்பதை மொத்தப் பார்வைகளின் பங்காகக் காட்டுவது. வெளியேறியவரும் திரும்ப ஓட்டியவரும் அதில் கலந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் வெளியேற, வேறு பத்துப் பேர் திரும்ப ஓட்டினால் கோடு சமமாகத் தெரியும். ஆகவே மேலே செய்த வெளியேற்றக் கணக்கை யூடியூப் கோட்டை வைத்துச் செய்தால் தோராயமே கிடைக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். வீடியோவில் அத்தியாயக் குறிகள் வைத்திருந்தால், அவை தொடங்கும் இடங்களிலும் மேடு எழும். அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

நாட்களைப் பிரிப்பதும் இதே அளவு முக்கியம். பருவத்தின் நடுவில் பார்ப்பவர் பாடத்தை முதல் முறை கேட்பவர். தேர்வுக்கு முந்தைய இரவில் பார்ப்பவர் 40 என்ற விடை எப்படி வந்தது என்று ஒரு ஸ்லைடைத் தேடி வருபவர். பின்னவர் எல்லா முகத்தையும் தாண்டித்தான் போவார். தேர்வு வாரத்துப் பதிவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அளவுகோல் பகுதிகூட வெட்டுப்படும். முதல் முறை பார்ப்பவர்களை வைத்து எதை நீக்குவது என்று தீர்மானித்து, திரும்பப் பார்ப்பவர்களுக்கு அத்தியாயக் குறிகளை இட்டுக் கொடுப்பது இரு சாராருக்கும் பொருந்தும்.

இனி அந்த வீடியோவுக்கே முடிவு சொல்லலாம். அளவுகோல் பகுதி அப்படியே இருக்கட்டும். குறிகளைப் பற்றிய முகப் பகுதியில், வெட்டப்பட வேண்டியது முகம் மட்டும். குரல் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த விளக்கம் இல்லாமல் வரைபடத்தை எந்தப் பக்கம் வரைவது என்று தெரியாது. எதிர்விசை ஸ்லைடையே 7:00 வரை நீட்டி, குரலை அதன் மேல் ஓடவிட்டால், தேடி இழுப்பதும் நிற்கும், வெறும் பேச்சும் போகும். அந்த ஸ்லைடின் காலி இடத்தில், கீழ்நோக்கித் தொய்யும் வளைவையும் மேல்நோக்கிப் புடைக்கும் வளைவையும் உரிய குறிகளுடன் வரைந்துவிட்டால், பேச்சுக்குப் பார்க்க ஒன்று கிடைத்துவிடும். எடிட்டிங் மென்பொருள் பழக்கமில்லாதவர் ffmpeg இருந்தால் ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம். slide.png என்று சேமித்த அந்த ஸ்லைடுப் படத்தின் அளவு வீடியோவின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். 330, 420 என்பவை நொடிகள்.

```
ffmpeg -i paadam.mp4 -i slide.png -filter_complex "[0:v][1:v]overlay=0:0:enable='between(t,330,420)'" -c:a copy puthiyathu.mp4
```

முதல் ஒன்றரை நிமிட வாழ்த்தை 15 நொடிக்குக் குறைத்து, கணக்கின் படத்தை முதல் ஸ்லைடாக உடனே காட்டலாம். முழுவதும் எடுத்துவிட நான் சொல்லமாட்டேன். பாடத் தொடரின் முதல் வீடியோவிலாவது பேசுகிறவர் யார் என்று மாணவர் பார்க்க வேண்டும். கடைசி நிமிடம் இருந்தாலும் போனாலும் ஒன்றே. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவாக இருந்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஸ்டூடியோவின் எடிட்டரில் ஒரு பகுதியை வெட்டி நீக்கலாம், முகவரி மாறாது. ஆனால் முகத்துக்குப் பதிலாக ஸ்லைடைப் போட்ட புதிய கோப்பை அதே முகவரியில் மாற்றி வைக்க முடியாது. புதிதாக ஏற்ற வேண்டும், பழைய இணைப்பும் பார்வைப் பதிவும் புதியதற்கு வராது. இதனால்தான் பலர் மாற்றிப் போட வேண்டிய இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். நம் வீடியோவில் 5:30 முதல் 7:00 வரை வெட்டினால் வெளியேற்ற எண் அழகாகிவிடும். குறி தெரியாத மாணவர் வரைபடத்தைத் தலைகீழாக வரைவார். கல்லூரியின் மூடுல் தளத்தில் கோப்பாக வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்லைடின் மூலையில் வட்டத்துக்குள் முகம் எப்போதும் தெரியும் மூன்றாவது வகையைப் பற்றியும் ஒரு சொல். ரெனே கிசில்செக் முதலானோர் 2014இல் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, மாணவர்கள் ஏறத்தாழ 41 விழுக்காடு நேரம் முகத்தையே பார்த்தார்கள். முகத்துக்கும் ஸ்லைடுக்கும் இடையே சராசரியாக 3.7 நொடிக்கு ஒரு முறை கண் மாறியது. முகம் உள்ள வடிவத்தையே அவர்கள் விரும்பினார்கள். ஆனால் நினைவில் நின்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே தீங்கு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நான் கவலைப்படுவது அதைவிட எளிய ஒன்று: அந்த வட்டம் பெரும்பாலும் கீழ் வலது மூலையில் இருக்கும், சமன்பாட்டின் கடைசி வரியும் விடையும் அங்கேதான் வந்து முடியும். படத்தோடு சேர்த்துப் பதிவான வட்டத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. இனிப் பதிவு செய்கிறவர் திரையையும் கேமராவையும் இரு தனிக் கோப்புகளாகப் பதிவு செய்தால், எங்கே முகம் வேண்டும் என்ற முடிவைப் பார்வைப் பதிவு வந்த பிறகு எடுக்கலாம்.

ஸ்லைடுப் பகுதியில் ஆட்கள் போவதற்கும் சில வேளை பாடம் காரணமாக இருப்பதில்லை. இணைப்பு மெலிந்து படம் 360பி அல்லது அதற்கும் கீழே இறங்கும்போது, முகம் மங்கினாலும் பேச்சு புரியும். ஸ்லைடில் உள்ள கீழ்க்குறியீட்டு எழுத்துகள் அழிந்துவிடும். கைபேசியில் பார்ப்பவர்களைப் பதிவில் தனியே பிரிக்க முடிந்து, அவர்களிடம் மட்டும் ஸ்லைடு வெளியேற்றம் மிகுந்திருந்தால், குறை எழுத்தின் அளவில். அந்த வீடியோவை உங்கள் கைபேசியில் 360பியில் வைத்துக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எதிர்விசை எண்களை வாசிக்க முடியாவிட்டால், முகத்தைப் பற்றிய விவாதத்தைத் தள்ளிவைத்து முதலில் அந்த ஸ்லைடைச் சரிசெய்ய வேண்டும்.

பார்த்தல் வேறு, கற்றல் வேறு என்பதால், திருத்திய வீடியோவின் கீழ் இரண்டு வினாக்களை வைப்பது நல்லது: இதே பீமில் பாரம் வலது முனையிலிருந்து 2 மீட்டரில் இருந்தால் இடது எதிர்விசை என்ன என்பது ஒன்று; வளைந்த பீமின் எந்தப் புறம் இழுபடும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை தவறினால் ஸ்லைடையும், இரண்டாவதற்குத் தவறினால் அளவுகோல் பிடித்த கையையும் போய்ப் பார்க்கலாம். அந்தக் காட்சியில் அளவுகோல் கேமராவுக்கு நேராக, அதன் மெல்லிய விளிம்பு தெரியும்படி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் அப்போது கவனிக்க வேண்டியது. தட்டையான முகத்தைக் காட்டிப் பிடித்திருந்தால் வளைவே தெரிந்திருக்காது.